"என்னை உங்கள் மகளாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

போன வாரம் பெங்களூர் பீன்யாவில் உள்ள எங்கள் தொழிற்சாலையில் பக்கத்துப் பிரிவுக்குப் புதிய குழுத் தலைவி வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். எதிரே நின்ற பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. அவர் வாயைத் திறந்து மூன்றாவது வாக்கியத்துக்கு வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம் அது. தலைவியாக முதல் நாள் பேசும்போது குரல் நடுங்குவது, பெயரைத் தவறாகச் சொல்வது எல்லாம் ஒரு வாரத்தில் மறந்துபோகும். இது மறக்காது.

மகள் ஆகிவிடுவது

தரச் சோதனைப் பிரிவில் ஒன்பது பேருக்குத் தலைவியாக என்னைப் போட்டபோது எனக்கு இருபத்தொன்பது வயது. மூத்தவருக்கு ஐம்பத்து நான்கு. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், 26 ஆண்டு அனுபவம். "எனக்கு உங்கள் மகள் வயதுதான். மகளாக நினைத்து வழிநடத்துங்கள்" என்றேன். கைதட்டினார்கள். அவருக்குக் கண்கூடக் கலங்கியது. பேச்சு வெற்றி என்று நினைத்து அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காவது மாதம், புஷ் எனப்படும் துளையுள்ள உலோக உருளைகள் 400 கொண்ட ஒரு தொகுதியின் சோதனை அறிக்கை என் மேசைக்கு வந்தது. பத்துத் துளைகளை அளந்ததாக அந்த மூத்தவர் எழுதியிருந்தார். பத்திலும் 25.012 மில்லிமீட்டர். உண்மையாக அளந்தால் கடைசி இலக்கம் ஒன்றிரண்டாவது முன்பின் ஆடும். பத்தும் ஒரே எண்ணாக இருந்தால், அளவுக் கருவி பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை என்று பொருள். எனக்கு அது தெரிந்தது. ஆனால் அவரிடம் போய், "கருவியை எடுத்து மறுபடி அளந்து காட்டுங்கள்" என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பாவிடம் எந்த மகள் கணக்குக் கேட்பாள்? கையெழுத்துப் போட்டேன்.

தொகுதி திரும்பி வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து நானூறையும் ஒவ்வொன்றாக அளந்து பிரித்தோம். அதன்பின் மெமோ கொடுத்தபோது அவர் கோபப்படவில்லை. "அப்பாவுக்கே மெமோவாம்மா?" என்றார், எல்லோர் முன்னாலும். தேநீர் இடைவேளையில் பிரிவு முழுவதும் நான்தான் நன்றிகெட்டவள். அவர் செய்தது தவறு. ஆனால் அந்த உறவை அறிவித்தது நான். அண்ணா, அக்கா, அப்பா என்ற சொற்களுக்கு வீட்டில் உள்ள சட்டம் அவற்றோடு கூடவே வந்துவிடும். விடுப்பை மறுக்கவும் மதிப்பீட்டில் குறைத்துப் போடவும் வேண்டிய ஒருத்தி, முதல் நாளே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று சொல்லிவிடுகிறாள்.

வயதை மறைக்கச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கண் இருக்கிறது. அதை வேலையின் பக்கம் திருப்பிச் சொல்லுங்கள். அந்த முதல் நாள் பேச்சை மறுபடி பேசக் கிடைத்தால் இப்படித்தான் பேசுவேன்:

"சோதனையில் எனக்கு ஆறு ஆண்டு அனுபவம். உங்களில் சிலருக்கு இருபதுக்கும் மேல். காலையில் லேத் சூடாகும்வரை எந்த இயந்திரத்தில் அளவு அதிகம் நகரும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த வாரம் ஒவ்வொருவரோடும் ஒரு ஷிப்ட் நின்று கேட்டுக்கொள்கிறேன். அறிக்கையில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. அதனால் எந்த அறிக்கையிலும் இரண்டு துண்டுகளை நான் மறுபடி அளந்து பார்ப்பேன். யார் எழுதிய அறிக்கையானாலும் இதேதான்."

கடைசி வாக்கியம்தான் உயிர். முதல் நாளே சொன்னால் அது ஒரு நடைமுறை. நான்காவது மாதம் சொன்னால் அது அவர்மேல் சந்தேகம்.

எப்படிக் கூப்பிடுவது

எல்லோரும் "சார்". கடைநிலை உதவியாளரும்தான்.

தமிழர்களைப் பார்த்துப் பேசுவது

இது பெங்களூர். ஒன்பது பேரில் நாலு பேர் தமிழர் என்று தெரிந்ததும் நம் கண் தானாக அந்தப் பக்கம் போகும், நாக்கும் பின்னாலேயே போகும். ஒரு தமிழ் நகைச்சுவை போதும், மற்ற ஐந்து பேரும் அன்றே தனிக்கட்சி. "எல்லரிகூ நமஸ்கார" என்று தொடங்கி, தெரிந்த கன்னடத்தில் நாலு வாக்கியமாவது பேசுங்கள். தப்பாகப் பேசினால் திருத்துவார்கள். அதில் யாருக்கும் மனவருத்தம் வருவதில்லை.

முந்தைய தலைவரைக் குறை சொல்வது

அவருடைய மச்சினர் அந்தக் கூட்டத்திலேயே நிற்பார்.

ஷிப்ட் அட்டவணையை மாற்றித் தருகிறேன் என்பது

காலை 6 மணி ஷிப்ட் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அதையே நம்பி மகனைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் இன்னொருவர் இருப்பார். ஒரு மாதம் அட்டவணையைத் தொடாதீர்கள்.

இனிப்புப் பெட்டி

பேசி முடித்த பிறகு திறவுங்கள். நான் முதலில் கொடுத்துவிட்டேன். மைசூர்பாகை மென்றுகொண்டிருந்தவர்களிடம் கேள்வி இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒன்பது பேரும் இல்லை என்று தலையாட்டினார்கள்.