மேலிருந்து படம் பிடிக்க ஒரு கேமரா அமைப்பு: கை ஆடாமல், நிழல் விழாமல், ஃப்ரேம் கோணாமல்

சமையலோ கைவேலையோ, இரண்டு கைகளும் ஒரு பலகையும் மட்டும் தெரிகிற மாதிரி நேர் மேலிருந்து எடுக்கும் வீடியோவைப் பார்த்தால் எளிதாகத்தான் தெரியும். மொபைலைக் குப்புற மாட்டிப் பதிவு பண்ணிப் பார்த்தால் ஒரு பக்கம் பலகை குறுகிப் போயிருக்கும், நடுவில் மொபைலின் நிழல் கிடக்கும், கத்தி வைக்கும் போதெல்லாம் படம் குலுங்கும். இந்த மூன்றுக்கும் மொபைல் காரணமில்லை, வேறு மொபைல் வாங்கினாலும் இவை கூடவேதான் வரும். மொபைலைத் தாங்கும் ஆர்ம், கோணம், வெளிச்சம் ஆகிய மூன்றையும் சரி பண்ணினால் போதும்.

உதாரணத்துக்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளை வெட்டி மடித்து ஒரு வாழ்த்து அட்டை செய்கிறீர்கள். தாளோடு கத்தரிக்கோல், பசை, இரண்டு கைகள் எல்லாம் தெரிய 60 செ.மீ. அகலம் தேவைப்படும். மேசையின் உயரம் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி நறுக்கும் பலகைக்கும் ஏறக்குறைய இதே அளவுதான்.

முதலில் உயரம்

பெரும்பாலான மொபைல்களின் மெயின் கேமரா வீடியோவில், மொபைலை அகலவாக்கில் பிடித்தால், தன் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான அகலத்தைப் பார்க்கும். அதாவது 50 செ.மீ. மேலே வைத்தால் சுமார் 60 செ.மீ. அகலம் கிடைக்கும். கணக்கு மொபைலுக்கு மொபைல் மாறும், அதனால் மேசையில் ஒரு அளவு டேப்பை விரித்து வைத்து, வீடியோ மோடிலேயே பாருங்கள். போட்டோ மோடில் பார்த்து முடிவு பண்ண வேண்டாம், வீடியோ ஆட்டத்தைக் குறைப்பதற்காக ஓரங்களை வெட்டிவிடும்.

சரி, 50 செ.மீ. போதும்தானே என்றால், போதாது. குனிந்து வேலை செய்யும் போது உங்கள் நெற்றி மொபைலில் இடிக்கும், இல்லாவிட்டால் தலைமுடி ஃப்ரேமுக்குள் எட்டிப் பார்க்கும். இன்னொன்று, கேமரா இவ்வளவு கிட்டத்தில் இருக்கும்போது மேசையிலிருந்து கொஞ்சம் உயர்த்திய கையும் பெரிதாக ஊதித் தெரியும், ஓரத்தில் இருக்கும் கிண்ணங்கள் வெளியே சாய்ந்த மாதிரி இருக்கும். அதனால் 1.5x ஜூம் வைத்து, மொபைலை 75 செ.மீ. மேலே தூக்கிவிடுங்கள். அகலம் அதே 60 செ.மீ. தான், உருவம் ஒழுங்காக இருக்கும், தலைக்கும் இடம் கிடைக்கும். 0.5x லென்ஸ் பக்கமே போக வேண்டாம். மேசையோடு சேர்த்தால் தரையிலிருந்து 150 செ.மீ. உயரம், ட்ரைபாட் வாங்கும்போது இந்த எண்ணை மனதில் வையுங்கள்.

ட்ரைபாடும் ஆர்மும்

மேசை ஓரத்தில் இறுக்கும் க்ளாம்ப் ஆர்ம் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் நீங்கள் நறுக்கும் ஒவ்வொரு அதிர்வும் நேராக மொபைலுக்குப் போகும். தாள் மடிக்கிற வேலைக்கு அது போதும். நறுக்குவதற்கு, தட்டுவதற்கு, மாவு பிசைவதற்கு எல்லாம் தரையில் நிற்கும் ட்ரைபாடுதான், அதன் கால் மேசையை எங்கேயும் தொடக்கூடாது.

ட்ரைபாடின் கால்களில் முதலில் தடித்த பகுதிகளை நீட்டுங்கள், மெல்லிய பகுதியைக் கடைசியாக, தேவைப்பட்டால் மட்டும். நடுத்தண்டை உயர்த்துவதைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது உயர உயர ஆட்டமும் கூடும். மூன்று கால்களில் ஒன்று ஆர்ம் நீளும் திசையிலேயே, மேசைக்கு அடியில் போகும்படி வையுங்கள். எடை சாயும் பக்கம் கால் இல்லையென்றால் முழுவதும் குப்புற விழும்.

அப்புறம் எதிரெடை. மொபைலும் ஹோல்டரும் சேர்த்து 300 கிராம், ட்ரைபாடிலிருந்து 50 செ.மீ. தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300-ஐ 50-ஆல் பெருக்கினால் 15,000. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஏறக்குறைய 1,000 கிராம், அதை ஆர்மின் பின்பக்க முனையில் 15 செ.மீ. தள்ளித் தொங்கவிட்டால் அதே 15,000 வந்துவிடும். முன்பக்க ஆர்முக்கும் எடை உண்டு என்பதால் 20 செ.மீ. வாக்கில் வைத்து, ஆர்மைப் பிடித்திருக்கும் திருகை லேசாகத் தளர்த்திப் பாருங்கள், எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால் சரி. இந்தச் சோதனையின் போது மொபைலை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள், இதை மறந்துவிட வேண்டாம். பாட்டில் ஊஞ்சல் ஆடினால் அந்த ஆட்டமும் படத்தில் வரும், ஒரு கயிற்றால் காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ட்ரைபாட் எங்கே நிற்கலாம் என்றால், உங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் நல்லது. இடமில்லாவிட்டால், வலது கைக்காரர்கள் இடது பக்கம் வைக்கலாம். சார்ஜர் வயர் மாட்டுவதாக இருந்தால் ஆர்மோடு இரண்டு இடத்தில் கட்டிவிட்டு மொபைல் பக்கம் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

கண்ணாடி வைத்துக் கோணம் பார்ப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சில மொபைல்களில் கிரிட், லெவல் என்று இருக்கும், குப்புறப் பிடித்தால் இரண்டு கூட்டல் குறிகள் வந்து ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும். அது பூமிக்கு நேராக இருப்பதைத்தான் காட்டும், உங்கள் மேசையே சாய்ந்திருந்தால் அது உதவாது. கண்ணாடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

மேசைத்துணியை எடுத்துவிட்டு, கையகலக் கண்ணாடி ஒன்றை ஃப்ரேமின் நடுவில் தட்டையாக வையுங்கள். மொபைல் திரையைப் பார்த்தால் கண்ணாடிக்குள் மொபைலின் பின்பக்கமே தெரியும். அதில் உங்கள் வீடியோ எடுக்கும் லென்ஸ் எது என்று கண்டுபிடியுங்கள், ஒவ்வொரு லென்ஸாக விரலால் மூடிப் பார்த்தால் திரை எதில் கறுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த லென்ஸின் பிம்பம் திரையின் சரியான நடுவில் வந்தால் கேமரா மேசைக்குச் செங்குத்தாக இருக்கிறது. பிம்பம் ஒதுங்கி நின்றால் மொபைல் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், பிம்பம் நடுவுக்கு வரும்வரை ஹோல்டரைத் திருப்புங்கள். திருப்பும்போது கண்ணாடியை விட்டு பிம்பம் வெளியே போனால் கண்ணாடியையும் கூடவே நகர்த்துங்கள். முடிந்ததும் ஒரு ஏ4 தாளை வைத்து, அதன் ஓரங்கள் கிரிட் கோடுகளுக்கு இணையாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. இணையாக இல்லாமல் மொத்தத் தாளும் சுழன்ற மாதிரி இருந்தால் அது சாய்வு இல்லை, ட்ரைபாடைச் சற்றுத் திருப்பினால் போதும்.

ஒரு சின்னத் தொல்லை உண்டு. மொபைல் குப்புற இருக்கும்போது எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாது, வீடியோ தலைகீழாகவோ நெடுக்கவோ பதிவாகிவிடும். ஆர்மில் மாட்டும் முன் மொபைலை அகலவாக்கில் நேராகப் பிடித்து, அது திரும்பியதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் குப்புறச் சாயுங்கள். பதிவு பட்டனை அழுத்தும் போது ஐகான்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். படத்தின் கீழ் ஓரம் நீங்கள் உட்காரும் பக்கமாக இருக்க வேண்டும், பார்ப்பவருக்குத் தன் கையே வேலை செய்கிற உணர்வு வருவது அதனால்தான்.

வெளிச்சம்

முதல் வேலை, தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைப்பது. மொபைல், ஆர்ம், உங்கள் தலை என்று மூன்று நிழலையும் மேசையில் கொண்டு வந்து போடுவது அதுதான்.

ஒரு விளக்கை மட்டும் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃப்ரேமின் இடது ஓரம் விளக்கிலிருந்து 50 செ.மீ., வலது ஓரம் 110 செ.மீ. என்றால், இடது ஓரத்தில் விழும் வெளிச்சம் வலது ஓரத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் இந்த வித்தியாசம். அதே விளக்கை 120 செ.மீ. தள்ளி வைத்தால் வலது ஓரம் 180 செ.மீ., வித்தியாசம் இரண்டேகால் மடங்குக்கு இறங்கிவிடும். ஆக, விளக்கைத் தள்ளி வையுங்கள், எதிர்ப்பக்கம் இன்னொன்று அதே தூரத்தில், அதே உயரத்தில், அதே வகை பல்பில். இரண்டும் மேசையை 45 டிகிரியில் பார்க்கட்டும். முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டால் நிழலின் ஓரம் மென்மையாகும், துணி சூடான பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே விளக்கு, அல்லது ஜன்னல்தான் இருக்கிறது என்றால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள், பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். ரிங் லைட்டை மொபைலைச் சுற்றி மாட்டுவதை நான் சொல்ல மாட்டேன், பளபளப்பான எந்தப் பாத்திரத்திலும் ஒரு வளையம் வந்து உட்கார்ந்துவிடும்.

சமமா என்று எப்படித் தெரியும்? நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே மாதிரி வெள்ளைத் தாள் துண்டுகளை வையுங்கள், திரையில் எது சாம்பலாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு.

படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் விளக்கு மின்சாரத்தோடு சேர்ந்து துடிக்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 என்று வையுங்கள்.

லாக் பண்ணி, டேப் ஒட்டி, பதிவு

தாளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல மொபைல்களில் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் லாக் ஆகிவிடும். இதைச் செய்யாவிட்டால் கை உள்ளே வரும் ஒவ்வொரு தடவையும் படம் இருண்டு வெளுத்து, ஃபோகஸும் அலையும். உயரமான கிண்ணத்தில் வேலை என்றால் அதன் விளிம்பு உயரத்தில் ஒரு பொருளை வைத்து அதில் லாக் பண்ணுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே ஃப்ரேமின் நான்கு மூலைகளிலும், அதற்கு ஒரு விரல் வெளியே, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இனிமேல் திரையைப் பார்க்காமலே எல்லை தெரியும். வேலை நடக்கும் பொருளை நடுவிலிருந்து கொஞ்சம் மேலே வையுங்கள், கீழ்ப்பாதியைக் கைகள் எடுத்துக்கொள்ளும். அடுத்த படிக்குத் தேவையானவை டேப்புக்கு வெளியே ஒரு தட்டில் இருக்கட்டும், முடிந்தது வெளியே போய்விட வேண்டும்.

அடுப்புக்கு மேல் இந்த அமைப்பு வேண்டாம். நீராவி லென்ஸை மூடிவிடும், எண்ணெய்த் துளிகள் தெறிக்கும், மொபைலும் சூடாகும். நறுக்குவது, கலப்பது வரை மேலிருந்து எடுத்துவிட்டு, அடுப்பில் நடப்பதைப் பக்கவாட்டில் தள்ளி நின்று சாய்வாக எடுங்கள்.

உண்மையான வேலையைத் தொடங்கும் முன் அரை நிமிடம் பதிவு பண்ணி, அதில் மேசையை இரண்டு தடவை தட்டி, கைகளை ஓரம் முதல் ஓரம் வரை நகர்த்தி, நன்றாகக் குனிந்து பாருங்கள். அதைப் பெரிய திரையில் ஓட்டினால் தட்டும்போது படம் குலுங்குகிறதா, கை எங்கே இருண்டு போகிறது, தலை எந்த ஓரத்தில் உள்ளே வருகிறது என்பது தெரிந்துவிடும். தலை வந்தால் ஆர்மை உங்களிடமிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, டேப்பையும் புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள், எதிரெடைப் பாட்டிலின் இடமும் அதற்கேற்ப மாறும்.