தைலம் மணக்கிறதே, அப்புறம் மூக்குக்கு என்ன?

அப்பாவுக்கு வாசனை தெரியவில்லை என்பது எங்களுக்குப் புரியவே இரண்டு வருடம் ஆனது. கை நடுக்கமும் அசைவுக் கோளாறும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு இது ஒரு முன்னறிகுறியாக இருக்கலாம் என்பதும் அப்போது தெரியாது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி, பாத்திரம் கருகி, வாசலில் நின்ற எனக்கே தீய்ந்த நாற்றம் வந்துவிட்டது. அவரோ அடுக்களைக்குப் பக்கத்து அறையில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உடனே தலைவலித் தைலத்தை எடுத்து அவர் மூக்கடியில் நீட்டினேன். "நல்லா தெரியுதேடா" என்றார், நானும் விட்டுவிட்டேன்.

நான் செய்த முதல் தவறு அதுதான், பலரும் செய்வது. தைலம், கற்பூரம், அமோனியா போன்றவற்றின் காரத்தையும் குளிர்ச்சியையும் உணர்வது வாசனை நரம்பு மட்டுமல்ல. முகத்தில் வலியையும் தொடுகையையும் உணரும் ட்ரைஜெமினல் நரம்பும் அவற்றை உணரும். வாசனை அடியோடு போனவருக்கும் தைலம் சுர்ரென்று ஏறும். பார்க்க வேண்டுமென்றால் காபித்தூள், சோப்பு, மல்லிகை மாதிரி காட்டமில்லாத, அவருக்குப் பழக்கமான பொருளைக் கண்ணை மூடச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். "ஏதோ வருது" என்றால் போதாது, இன்னதென்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் இந்த அடையாளம் காணும் திறன்தான் நன்றாகக் குறையும். இதுவும் வீட்டளவிலான சோதனைதான், இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

அடுத்த தவறு, "நாக்கு செத்துப்போச்சு" என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது. அப்பா அம்மாவின் ரசத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். உப்பும் புளிப்பும் அவருக்கு நன்றாகவே தெரிந்தன, பெருங்காயமும் தாளிப்பும்தான் தெரியவில்லை. சாப்பிடும்போது வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணத்தைத்தான் நாம் பெரும்பாலும் ருசி என்கிறோம். இந்த இழப்பு மெல்ல மெல்ல வருவதால் அவருக்கே தெரிவதில்லை. "வாசனை தெரியுதா" என்று கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள், சோதித்தால்தான் வெளிப்படும்.

சரி, இதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? மூக்கின் உச்சியில், சளிப்படலத்தில் இருக்கும் வாசனை நரம்பு செல்கள் காற்றை நேரடியாகத் தொடுகின்றன. அவற்றின் இழைகள் சல்லடை போன்ற ஒரு மெல்லிய எலும்பின் துளைகள் வழியாக மேலேறி, மூளையின் அடியில் உள்ள நுகர்வுக் குமிழைச் சேர்கின்றன. அங்கிருந்து செய்தி, மற்ற புலன்களைப் போல முதலில் தலாமஸ் என்ற நடு நிலையத்துக்குப் போகாமல், நேரே மணத்தை அறியும் மூளைப் புறணிக்கும், உணர்ச்சி, நினைவு தொடர்பான பகுதிகளுக்கும் போகிறது. மூக்கில் உள்ள செல்கள் செத்தாலும் புதிதாக முளைக்கும், அதனால்தான் சளிக்குப் பிறகு பலருக்கு வாசனை திரும்புகிறது. பார்க்கின்சனில் பழுது அதற்கு மேலே நடக்கிறது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து கட்டிக்கொள்ளும் இடங்களில் நுகர்வுக் குமிழும் ஒன்று. 2003-இல் ஹெய்கோ பிராக் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளரின் குழுவினர் முன்வைத்த படிநிலையில், பலருக்கு அது இந்தக் குமிழிலும் மூளைத்தண்டின் அடிப்பகுதியிலும் தொடங்கி, அப்புறம்தான் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு ஏறுகிறது. எல்லா நோயாளிக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை. ஆனால் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்கு ஏன் மங்குகிறது என்பதை இது விளக்குகிறது.

இதைப் படித்தவுடன் "எனக்கும் வாசனை குறைவு, போச்சு" என்று பயப்படுவதும் தவறுதான். ஹவாயில் வயதான ஜப்பானிய அமெரிக்க ஆண்கள் 2,200-க்கும் மேற்பட்டோரின் நுகர்திறனைச் சோதித்து, 8 வருடம் வரை கவனித்தார்கள். மதிப்பெண் மிகக் குறைந்தவர்களுக்கு அடுத்த 4 வருடத்தில் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு நல்ல மதிப்பெண் பெற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. 5 மடங்கு என்றால் பயமாகத்தான் இருக்கும், ஆனால் அத்தனை பேரிலும் நோய் வந்தது 35 பேருக்குத்தான். முதுமை, சைனஸ், மூக்கில் சதை வளர்ச்சி, வைரஸ், தலையில் அடி, இவைதான் வாசனைக் குறைவுக்கு அதிகம் காணப்படும் காரணங்கள். பின்தலையில் விழும் அடியில்கூட அந்தச் சல்லடைத் துளைகளில் இழைகள் அறுந்துபோகலாம். அதனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்தான்.

அப்பாவின் மூக்கில் அடைப்பு எதுவும் இல்லை. அப்புறம்தான் பார்க்கின்சனோடு தொடர்புடைய மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தோம். தூக்கத்தில் கத்துவார், கனவில் யாரையோ அடிப்பது போல அம்மாவின் தோளில் குத்தியிருக்கிறார், பல வருடமாக மலச்சிக்கல், நடக்கும்போது வலது கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டியே இருக்கும். தனித்தனியாக அம்மா எல்லாவற்றையும் "வயசு" என்றார், நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். நரம்பியல் மருத்துவரிடம் போனபோது, எது எந்த வருடம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனோம். அவர் அதைத்தான் முதலில் வாங்கிப் படித்தார், கனவில் அடித்ததைப் பற்றி அம்மாவிடம்தான் கேட்டார், ஏனென்றால் தூங்குகிறவருக்கு அது தெரியாது.