உப்புக் கணக்கும் அறுபது மூட்டையும்

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பசங்களுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் தொகைசார் பண்புகளில், அதாவது கரைந்த துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து உறைநிலை இறங்குவது, கொதிநிலை ஏறுவது போன்றவற்றில், ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், இருபத்தி இரண்டு வயதில் நான் செய்த அதே தப்பு, அதே வரிசையில், ஏழு தாளில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொதிநிலைக்கு உறைநிலை மாறிலியான Kf போடுவது, உறைநிலை குறையும் என்று தெரிந்தும் விடையைப் பூஜ்ஜியத்தோடு கூட்டி எழுதுவது, இதெல்லாம் அவசரத்தில் வருவது. இரண்டு தடவை திட்டினால் போய்விடும், அதை விட்டுவிடுகிறேன்.

i இல்லாமல் போடும் கணக்கு

சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்: ΔTf = i × Kf × m. ΔTf உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது, m மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ கரைப்பானில் எத்தனை மோல் என்பது, i கரையும் பொருளின் ஓர் அலகு எத்தனை துகளாகப் பிரிகிறது என்பது. தண்ணீருக்கு Kf 1.86. ஆனால் புத்தகத்தில் முதலில் வரும் பத்துக் கணக்கும் யூரியா, குளுக்கோஸ், சர்க்கரை. அவை கரைந்தாலும் உடையாது, i ஒன்றுதான், ஒன்றால் பெருக்குவதை யாரும் எழுதுவதில்லை. பத்துக் கணக்கு போட்ட பிறகு கைக்கு i என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். பதினோராவதாக உப்பு வரும்போது கை பழைய வழியிலேயே போகும்.

எனக்கு அது காசிமேட்டில் நடந்தது. பி.எஸ்சி. முடித்த கையோடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை. ஐஸ் பார் எப்படி வருகிறது என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பெரிய தொட்டி நிறைய உப்புக் கரைசல், அதைப் பிரைன் என்பார்கள். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்தப் பிரைனை −10 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களைப் பிரைனுக்குள் இறக்கி வைத்தால் கேனில் இருக்கும் தண்ணீர் உறையும், சுற்றி இருக்கும் பிரைன் உறையக் கூடாது. குழாயின் மேற்பரப்பு பிரைனைவிட இன்னும் நாலைந்து டிகிரி குளிராக இருக்கும் என்பதால், பிரைனின் உறைநிலையை −16க்காவது இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றியே பனிக்கட்டி கட்டிக்கொள்ளும், அது போர்வை போல மூடிவிடும், அதற்கப்புறம் மெஷின் எவ்வளவு நேரம் ஓடினாலும் கேனுக்குக் குளிர் போய்ச் சேராது.

ஒரு தடவை தொட்டியில் ஓட்டை அடைக்க மொத்தப் பிரைனையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. திரும்ப 6000 லிட்டர் தண்ணீர் விட வேண்டும், எத்தனை மூட்டை உப்பு வாங்குவது? வழக்கமாக அதைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, "நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவனாச்சே" என்றார். நான் பெருமையாகப் பேப்பரை எடுத்தேன்.

16ஐ 1.86ஆல் வகுத்தேன், 8.6 மோலால். அதை உப்பின் மூலக்கூறு நிறையான 58.5ஆல் பெருக்கினேன், ஒரு கிலோ தண்ணீருக்கு 503 கிராம். 6000 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 டன், 50 கிலோ மூட்டையில் அறுபது. சோடியம் குளோரைடு தண்ணீரில் Na⁺, Cl⁻ என்று இரண்டாகப் பிரியும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். யாராவது கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். கணக்கில்தான் அது வரவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சாதாரண வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அப்படியானால் 6000 லிட்டரில் 2.16 டன், அதாவது நாற்பத்து மூன்று மூட்டைக்கு மேல் என்ன செய்தாலும் கரையப் போவதில்லை. நான் கேட்டதோ அறுபது! விடை இயற்கையில் நடக்கவே முடியாததாக இருந்தது, நான் அதைக் கோடு போட்டு அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

அறுபதும் வந்தது. கொட்டினார்கள். நாற்பதுக்கு மேல் அடியில் மேடு கட்டியது, கலக்கினால் சரியாகிவிடும் என்றேன். மெஷினைப் போட்டதும் நிலைமை இன்னும் மோசம். குளிரக் குளிர உப்பின் கரைதிறன் குறையும், கரைந்திருந்ததிலும் ஒரு பகுதி படிகமாக வெளியே வந்தது. கலக்கி விடும் பம்பின் வடிகட்டி உப்புச் சேறால் அடைத்துக்கொண்டது. இரண்டு நாள் ஐஸ் இல்லை. கடலுக்குப் போகக் காத்திருந்த விசைப்படகுக்காரர்கள் வாசலில் நின்று பேசியதை இங்கே எழுத முடியாது.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். தொட்டிக்குள் ஒரு கம்பை விட்டுப் பார்த்தார். "இன்னா தம்பி, இம்மாம் உப்பா? போயி அடியில குந்திக்கினு கீது பாரு" என்றார். அவர் கணக்கு முப்பது மூட்டை. அவருக்கு i தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஹைட்ரோமீட்டர்: கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு ஒப்படர்த்தி 1.15 வந்ததும் கொட்டுவதை நிறுத்திவிடுவார்.

அன்று இரவு கணக்கைத் திரும்பப் போட்டேன். i = 2. 16 ÷ (2 × 1.86) = 4.3 மோலால், ஒரு கிலோ தண்ணீருக்கு 252 கிராம், மொத்தம் 1.5 டன், முப்பது மூட்டை. அந்தக் கரைசல் எடையில் 20 சதவீத உப்பு. அட்டவணையில் 20 சதவீத உப்புக் கரைசலின் உறைநிலை −16.5, ஒப்படர்த்தி 1.148. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்தது. அதிக உப்பு போட்டால் இன்னும் குளிர் தாங்கும்தானே என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. 23.3 சதவீதத்தில் உறைநிலை −21.1 வரை இறங்கும், அதுதான் கடைசிப் படி. அதைத் தாண்டினால் வெளியே வருவது பனிக்கட்டி இல்லை, உப்பு.

இதே தப்பு பரீட்சையில் தலைகீழாக வரும். உறைநிலைத் தாழ்வைக் கொடுத்து மூலக்கூறு நிறையைக் கேட்பார்கள். 1 மோலால் உப்புக் கரைசல் சுமார் 3.4 டிகிரி இறங்கும். i இல்லாமல் போட்டால் நிறை 32 என்று வரும். ஏழு தாளில் மூன்றில் அந்த 32 இருந்தது, பக்கத்திலேயே NaCl என்றும் எழுதியிருந்தது. 58.5 என்று தெரிந்த ஒரு பொருளுக்கு 32 என்று எழுதிவிட்டு எப்படி அடுத்த கேள்விக்குப் போக முடிகிறது? எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இங்கேதான்.

சூடு பட்டவன் எல்லாவற்றுக்கும் 2 போடுவான்

நானும் போட்டேன், யூரியாவுக்குக்கூட. யூரியா உடையாது.

உப்பிலேயே இந்த 2 என்பது கச்சிதமான 2 இல்லை. 0.001 மோலாலில் சோடியம் குளோரைடின் i 1.97, 0.01இல் 1.94, 0.1இல் 1.87. கரைசல் செறிவாக ஆக எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன, தனித்தனியாக எண்ண முடியாமல் போகிறது. மின்சுமை கூடினால் பிடியும் இறுகும். மெக்னீசியம் சல்பேட்டும் இரண்டு அயனிதான், ஆனால் 0.1 மோலாலில் அதன் i வெறும் 1.21.

அப்படியானால் 4.3 மோலாலில் என் தொட்டிக் கணக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது? ஒரு பக்கம் அயனிகளின் பிடி i-ஐக் குறைக்கிறது. இன்னொரு பக்கம் ஒவ்வொரு அயனியும் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் தண்ணீரைக் கட்டி வைத்துக்கொள்கிறது, கரைப்பானாக வேலை செய்யும் தண்ணீர் குறைகிறது, உறைநிலை இன்னும் கீழே போகிறது. 20 சதவீத உப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடுகின்றன. அது நம் அதிர்ஷ்டம். கால்சியம் குளோரைடில் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது: 20 சதவீதக் கரைசலுக்கு i = 3 வைத்தால் −12.6 வரும், உண்மையில் அது −17, −18 பக்கம் போகும். நீர்த்த கரைசலுக்குச் சூத்திரம், தொட்டிக்கு அட்டவணையும் ஹைட்ரோமீட்டரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

α = i − 1 என்று கண்ணை மூடி எழுதுவது

α என்பது கரைந்ததில் எவ்வளவு பங்கு உடைந்தது என்பது. இரண்டாக உடையும் பொருளுக்கு மட்டும்தான் அந்தச் சூத்திரம் சரி. முழுச் சூத்திரம் i = 1 + α(n − 1), n என்பது ஒன்று உடைந்தால் எத்தனை அயனி வரும் என்பது. 0.1 மோலால் பொட்டாசியம் சல்பேட்டின் i 2.32. மூன்று அயனி, ஆகவே α = 1.32 ÷ 2 = 0.66. இரண்டால் வகுக்காமல் 1.32 என்று எழுதினால் நூறு மூலக்கூறில் நூற்று முப்பத்திரண்டு உடைந்தது என்று அர்த்தம்.

K₃[Fe(CN)₆]

நாலு அயனி: மூன்று K⁺, சதுர அடைப்பு முழுவதும் சேர்ந்து ஒன்று. சதுர அடைப்புக்குள் கை வைக்காதீர்கள்.

20 சதவீதம் என்றால் 200 கிராம் என்று நினைப்பது

200 கிராம் உப்பு 800 கிராம் தண்ணீரில் இருக்கிறது. மோலாலிட்டி ஒரு கிலோ கரைப்பானுக்கு, கரைசலுக்கு இல்லை. ஒரு கிலோ தண்ணீருக்கு 250 கிராம் வரும். இதை 200 என்று வைத்தால் −16க்குப் பதில் −12.7 வரும், ஐஸ் கம்பெனியில் குழாய் மேல் பனி கட்ட அந்த வித்தியாசமே போதும்.

உலையில் உப்புப் போட்டால் சீக்கிரம் வேகும் என்பது

இதையும் பசங்கள் i போட்டு, கொதிநிலை ஏறும் என்று சரியாகச் சொல்லிவிட்டு, எவ்வளவு ஏறும் என்று மட்டும் போட்டுப் பார்க்க மாட்டார்கள். தண்ணீரின் கொதிநிலை மாறிலி Kb 0.512தான், Kf-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2 லிட்டர் உலையில் 10 கிராம் உப்பு போட்டால் 0.0855 மோலால். இரண்டால் பெருக்கி, 0.512ஆல் பெருக்கினால் 0.09 டிகிரி. அடுப்புக்கு அது தெரியவே தெரியாது. ஒரே ஒரு டிகிரி ஏற வேண்டுமானால் லிட்டருக்கு 57 கிராம் போட வேண்டும், கடல் தண்ணீரிலேயே ஏறக்குறைய 35 கிராம்தான். காசிமேட்டுக் கடலைவிட அதிகமாகக் கரிக்கும் அந்தச் சோற்றை யார் சாப்பிடுவது என்று வகுப்பில் கேட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "கருவாடு வேணாம் சார், அப்டியே துன்னலாம்" என்றான்.