ரிலே இழுக்குமா, இழுக்காதா? டிரான்சிஸ்டர் கணக்கை VCE வைத்துப் பிடிப்பது

சேலம் அஸ்தம்பட்டியில் சாயங்காலம் டிப்ளமோ பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் ஒரு பையன், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட ஒரு போர்டு செய்து கொண்டுவந்தான். ஓமலூரிலிருந்து வரும் அவன் கூட்டாளியும் அதே படத்தைப் பார்த்து ஒன்று செய்திருந்தான். கூட்டாளியின் ரிலே 'டக்' என்று இழுத்தது. இவனுடையது இழுக்கவில்லை.

"ரெண்டும் ஒரே சர்க்யூட்டுதானுங்க சார். அவனுக்கு மட்டும் எப்படி வேலை செய்யுது?"

இதே கேள்விதான் தேர்வில் வேறு வேஷத்தில் வருகிறது. "இந்த டிரான்சிஸ்டர் ஸ்விட்சாக இயங்குகிறதா, பெருக்கியாக இயங்குகிறதா?" என்று கேட்பார்கள். படத்தைப் பார்த்து ஊகிப்பவர்கள்தான் அதிகம். ஊகிக்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். தமிழ் வழியில் படித்தவர்கள் அடிவாய், ஏற்பான், உமிழ்ப்பான் என்று படித்திருப்பீர்கள். இங்கே கடைப் பேச்சுப்படி பேஸ், கலெக்டர், எமிட்டர் என்றே எழுதுகிறேன்.

கேள்வி

12 வோல்ட் ரிலே, அதன் காயில் 400 ஓம். காயிலின் ஒரு முனை 12 வோல்ட்டில், மறுமுனை கலெக்டரில். எமிட்டர் தரையில், அதாவது கிரவுண்டில். பேஸுக்கு 5 வோல்ட் சிக்னல் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. β = 100, அதாவது பேஸ் கரண்டைப் போல 100 மடங்கு கரண்டை டிரான்சிஸ்டர் கலெக்டரில் விடும். டிரான்சிஸ்டர் எந்த நிலையில் இருக்கிறது?

படி 1: பேஸ் கரண்ட்

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரு டையோடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் என்பதால் திறந்தால் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி வோல்டேஜ் முழுவதும் ரெசிஸ்டர் மேல் விழும்.

```
IB = (5 - 0.7) / 10k = 0.43 mA
```

சிக்னல் 0 வோல்ட்டாக இருந்தால் இந்த டையோடு திறக்காது, கரண்ட் கிடையாது, டிரான்சிஸ்டர் வெட்டு நிலையில் இருக்கும். அந்தப் பக்கம் அவ்வளவுதான் விஷயம்.

படி 2: ஆக்டிவ் நிலை என்று வைத்துப் பார்

இப்போதைக்குப் பெருக்கியாக இயங்குகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். IC என்பது கலெக்டர் கரண்ட், VCE என்பது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே உள்ள வோல்டேஜ்.

```
IC  = 100 × 0.43 mA = 43 mA
VCE = 12 - 43 mA × 400 = -5.2 V
```

இங்கேதான் பல பேர் பேனாவை வைத்துவிட்டு, எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று அடித்துத் திருத்துவார்கள். அடிக்க வேண்டாம். பெருக்கலில் தப்பில்லை, ஆக்டிவ் என்று வைத்துக்கொண்டதுதான் தப்பு. 12 வோல்ட் சப்ளையும் ஒரு காயிலும் மட்டும் இருக்கும் சுற்றில் கலெக்டர் தரைக்குக் கீழே 5 வோல்ட் போக வழியே இல்லை. VCE 0.2 வோல்ட்டுக்குக் கீழே வந்தால், அல்லது மைனஸில் வந்தால், டிரான்சிஸ்டர் தெவிட்டிய நிலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக் குழாயை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகும்போது, திருகுவதற்கு ஏற்பத் தண்ணீர் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு திருகினாலும் அரை இன்ச் பைப் தருவதைத்தான் தரும். அந்தக் கட்டத்துக்கு முன்னால் வரை பெருக்கி, தாண்டிவிட்டால் ஸ்விட்ச்.

படி 3: உண்மையான கரண்ட்

தெவிட்டிய நிலை என்று தெரிந்த பிறகு IC = β × IB என்ற சூத்திரத்தைத் தொடக் கூடாது. VCE 0.2 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு, மீதியைக் காயில் முடிவு செய்ய விடவேண்டும்.

```
IC = (12 - 0.2) / 400 = 29.5 mA
```

விடை 29.5 மில்லி ஆம்பியர், 43 அல்ல. 43 என்பது பேஸ் கரண்ட் தாங்கக்கூடிய அளவு, 29.5 என்பது காயில் கேட்கும் அளவு. தாங்குவது கேட்பதைவிடப் பெரிதாக இருந்தால் ஸ்விட்ச் முழுதாக மூடும்.

ஏற்காடு போர்டில் நடந்தது

பையனின் பேஸ் ரெசிஸ்டரைப் பார்த்தேன். 22 கிலோ ஓம். கூட்டாளியுடையதும் அதேதான். அதே படிகளை மறுபடி போட்டோம்.

```
IB  = 4.3 / 22k = 0.195 mA
IC  = 100 × 0.195 mA = 19.5 mA
VCE = 12 - 19.5 mA × 400 = 4.2 V
```

இந்த முறை VCE நியாயமான எண்ணாக வருகிறது. அப்படியென்றால் டிரான்சிஸ்டர் ஆக்டிவ் நிலையிலேயே நிற்கிறது, ஸ்விட்ச் பாதிதான் மூடியிருக்கிறது. காயிலுக்குக் கிடைப்பது 7.8 வோல்ட். இந்த வகை 12 வோல்ட் ரிலே நிச்சயமாக இழுக்க 9 வோல்ட்டாவது வேண்டும்.

சரி, கூட்டாளிக்கு எப்படி இழுத்தது? இருவரும் வாங்கியது BC547தான். ஆனால் அதில் A, B, C என்று வகை உண்டு. A வகைக்கு β 110 முதல் 220 வரை, B வகைக்கு 200 முதல் 450 வரை. கூட்டாளி கையில் இருந்தது B. β 200 என்றாலே தாங்கும் அளவு 39 மில்லி ஆம்பியர், காயில் கேட்பதைவிட அதிகம். இவனுக்கு வந்தது A. அதன் அடிமட்ட 110-ஐ எடுத்தால் 21.5 மில்லி ஆம்பியர்தான் வரும், காயிலுக்கு 8.6 வோல்ட்.

மல்டிமீட்டரை வைத்தால் இது உடனே தெரியும். சிக்னல் கொடுத்துவிட்டு கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.1, 0.2 வோல்ட் என்று காட்டினால் ஸ்விட்ச் நன்றாக மூடியிருக்கிறது. இவன் போர்டில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இன்னொரு அடையாளமும் உண்டு. மூடியில்லாத ரிலே என்றால், மோட்டார் லைனைக் கழற்றிவிட்டு (இதை மறக்கவே கூடாது) அதன் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். இழுக்கத்தான் அதிக வோல்டேஜ் வேண்டும், இழுத்ததைப் பிடித்துவைக்கக் கொஞ்சம் போதும்.

இதனால்தான் ஸ்விட்ச் வடிவமைக்கும்போது புத்தகத்து β-வை நம்புவதில்லை. β வெறும் 10 அல்லது 15 என்று வைத்துக்கொண்டு பேஸ் கரண்டைத் தாராளமாகக் கொடுப்பார்கள். 22 கிலோ ஓமை எடுத்துவிட்டு 2.2 கிலோ ஓம் போட்டோம். பேஸ் கரண்ட் சுமார் 1.95 மில்லி ஆம்பியர் ஆனது, ரிலே டக் என்றது. தேர்வில் "β குறைந்தபட்சம் இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு" என்று இரண்டும் கொடுத்திருந்தால், ஸ்விட்ச் கணக்குக்குக் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

காயில் மேல் இருக்கும் டையோடு

காயிலுக்குக் குறுக்கே ஒரு 1N4007 இருக்கும், அதன் வெள்ளைக் கோடு உள்ள முனை 12 வோல்ட் பக்கம். ரிலே இழுத்திருக்கும்போது இந்த டையோடு தலைகீழாக நிற்பதால் ஒரு வேலையும் செய்யாது. டிரான்சிஸ்டரை அணைத்த நொடியில்தான் அதற்கு வேலை. காயிலில் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் சட்டென்று நிற்காது, போக வழி தேடும். டையோடு இருந்தால் அதன் வழியாகக் காயிலுக்குள்ளேயே சுற்றித் தணியும், கலெக்டர் 12.7 வோல்ட்டைத் தாண்டாது. டையோடு இல்லையென்றால் கலெக்டர் வோல்டேஜ் எகிறும். BC547 தாங்குவது 45 வோல்ட்தான்.

"அணைத்தவுடன் டையோடில் ஓடும் கரண்ட் எவ்வளவு?" என்று கேட்டால் பலர் பயந்துபோய் ஆம்பியர் கணக்கில் எழுதுகிறார்கள். எகிறப் பார்ப்பது வோல்டேஜ்தான், கரண்ட் அல்ல. அணைப்பதற்கு முன் காயிலில் ஓடிய அதே 29.5 மில்லி ஆம்பியர்தான் டையோடில் தொடங்கும், பிறகு குறைந்துகொண்டே போகும்.

டையோடைத் திருப்பி மாட்டினால் என்ன ஆகும் என்பதும் நல்ல கேள்வி. பேஸுக்கு சிக்னல் வந்ததும் கரண்ட் காயிலைத் தாண்டி டையோடு வழியாகவே இறங்கும். கரண்டைக் கட்டுப்படுத்த 400 ஓம் இல்லை, அதனால் கலெக்டர் 11.3 வோல்ட்டில் நின்றுவிடும், டிரான்சிஸ்டர் தெவிட்டவே முடியாது. 2.2 கிலோ ஓம் பேஸ் ரெசிஸ்டரோடு β 100 என்றால் 195 மில்லி ஆம்பியர், சுமார் 2.2 வாட் சூடு. BC547-க்கு 100 மில்லி ஆம்பியரே உச்ச வரம்பு. ரிலே சத்தமே போடாது, டிரான்சிஸ்டரில் விரல் வைக்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் டையோடைப் பாருங்கள்.

அதே சோதனை, பெருக்கிக் கணக்கில்

பெருக்கிக் கேள்வியில் படம் வேறு மாதிரி இருக்கும். 12 வோல்ட்டிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம், கலெக்டரில் 3.3 கிலோ ஓம். பேஸ் கரண்டைச் சிறிது என்று விட்டுவிட்டு,

```
VB  = 12 × 10 / 57 = 2.1 V
VE  = 2.1 - 0.7 = 1.4 V
IC  ≈ 1.4 V / 1k = 1.4 mA
VCE = 12 - 1.4 mA × (3.3k + 1k) ≈ 6 V
```

VCE சப்ளையில் பாதி. கலெக்டர் மேலே ஏறவும் கீழே இறங்கவும் இடம் இருக்கிறது, சிக்னல் இரண்டு பக்கமும் வெட்டுப்படாமல் வரும். β எங்குமே கணக்கில் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? A வகை போட்டாலும் B வகை போட்டாலும் பெரிதாக மாறாது. எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் இல்லையென்றால் பெருக்கம் ஏறக்குறைய 3.3k / 1k, அதாவது 3.3 மடங்கு, தலைகீழாக.

அப்புறம் கேள்வித்தாள் போடுபவர் ஒரு குறும்பு செய்வார். பெருக்கம் கூடட்டும் என்று கலெக்டர் ரெசிஸ்டரை 10 கிலோ ஓம் ஆக்கிவிட்டு, "பெருக்கம் எவ்வளவு?" என்பார். 10 என்று எழுதுவதற்கு முன் VCE-ஐப் போட்டுப் பாருங்கள்.

```
VCE = 12 - 1.4 mA × (10k + 1k) = -3.4 V
```

ரிலேயில் பார்த்த அதே மைனஸ். படம் பெருக்கி மாதிரி இருந்தாலும் டிரான்சிஸ்டர் தெவிட்டிப்போய்விட்டது. உண்மையான கரண்ட் (12 - 0.2) / 11k, அதாவது சுமார் 1.07 மில்லி ஆம்பியர். இந்த நிலையில் உள்ளே போகும் சிக்னல் பெரிதாகி வெளியே வராது. விடைத்தாளில் மைனஸ் வந்த வரியை அப்படியே விட்டு, அதற்குக் கீழே "எனவே தெவிட்டிய நிலை, VCE = 0.2 V" என்று எழுதுங்கள்.