மண் பரிசோதனைத் தாளை விவசாயிக்குத் தமிழில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பாவுக்கு நாற்று விட்டதும் டெல்டா பக்கம் வாட்ஸ்அப்பில் மண் பரிசோதனைத் தாள்கள் வரத் தொடங்கிவிடும். அப்பா ஊரில் படம் பிடித்து அனுப்புவார். சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை ஆங்கிலத்தில் உள்ளதைப் படித்து, தமிழில் குரல் பதிவாகத் திருப்பி அனுப்பும். இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எல்லாரும் செய்த பிழைகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். நைட்ரஜன் தழைச்சத்து, பாஸ்பரஸ் மணிச்சத்து, பொட்டாசியம் சாம்பல் சத்து என்பதில் யாரும் தடுமாறுவதில்லை. இடறுவதெல்லாம் அதற்குப் பக்கத்தில் இருக்கும் எண்களில்தான்.

மடிப்பில் விழுந்த புள்ளி

தாள் சட்டைப்பையில் நாலாக மடிந்து கிடந்திருக்கும். மடிப்புக்கோடு எந்த எண்ணின் மேல் போகிறதோ அந்த எண்ணில் தசமப் புள்ளி மறைந்தோ இடம் மாறியோ தெரியும். கார அமில நிலையில் 8.2 என்பது 82 ஆகத் தெரிந்தால் உடனே சந்தேகம் வந்துவிடும். துத்தநாகத்தில் 0.42 என்பது 4.2 ஆகத் தெரிந்தால் வராது, ஏனென்றால் இரண்டுமே நடக்கக்கூடிய எண்கள். முதல் எண்ணுக்குத் துத்தநாகம் போட்டே ஆக வேண்டும், இரண்டாவதற்குத் தேவையில்லை. எண்ணுக்கு வலப்பக்கம் ‘குறைவு’, ‘நடுத்தரம்’, ‘அதிகம்’ என்றோ, ‘பற்றாக்குறை’, ‘போதுமானது’ என்றோ ஒரு கட்டம் இருக்கும். எண்ணும் அந்தச் சொல்லும் ஒத்துப்போகாவிட்டால் படத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தாளின் பின்பக்கத்தையும் கேளுங்கள். பல தாள்களில் உரப் பரிந்துரை அங்கேதான் இருக்கும்.

மண்ணில் இருப்பதைக் கழிக்காதீர்கள்

தாளில் ‘கிடைக்கும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 210 கிலோ’ என்று இருக்கிறது. கீழே பயிருக்குப் பரிந்துரை 150 கிலோ. கூட்டல் கழித்தல் தெரிந்த பிள்ளை உடனே, “அப்பா, நம்ம மண்ணிலேயே 210 இருக்கு, 150தான் வேணும், இந்த வருஷம் யூரியாவே வேண்டாம்” என்று சொல்லிவிடும்.

அந்த 210, வங்கிக் கணக்கில் எடுக்கத் தயாராக இருக்கும் இருப்பு மாதிரி கிடையாது. ஆய்வகத்தில் மண்ணோடு பெர்மாங்கனேட் கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது வெளிவரும் தழைச்சத்தை அளந்து எழுதியது. அதைக் கொண்டு மண் ஏழையா பணக்காரனா என்று வகை பிரிப்பார்கள். 280க்குக் கீழே இருந்தால் குறைவு. ஆகவே 210 என்றால் தழைச்சத்து குறைந்த மண், வழக்கமான அளவைவிடச் சற்றுக் கூடப் போடச் சொல்லும் மண். அந்தக் கூட்டல் குறைப்பையெல்லாம் ஆய்வகமே செய்துவிட்டுத்தான் பரிந்துரையை எழுதுகிறது. நீங்கள் இன்னொரு முறை கழிக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தனியார் ஆய்வகத் தாள்களில் இந்த அளவு பி.பி.எம். கணக்கில் இருக்கும். மணிச்சத்து 8 என்று பார்த்ததும் ‘குறைவு’ என்று சொல்லாதீர்கள். 2.24ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 18 கிலோ வரும், அது நடுத்தரம்.

சத்துக் கிலோ, மூட்டைக் கிலோ

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பெரிய சேதமும் இதில்தான் வருகிறது.

மத்திய கால, நீண்ட கால நெல் ரகங்களுக்குத் தமிழ்நாட்டின் பொதுப் பரிந்துரை 150:50:50. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து 50 கிலோ, சாம்பல் சத்து 50 கிலோ. தாளில் N, P2O5, K2O என்று போட்டிருப்பார்கள். இவை சத்தின் எடை, கடையில் வாங்கும் உரத்தின் எடை வேறு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்குதான் தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 46 பங்கு மணிச்சத்தும் 18 பங்கு தழைச்சத்தும் இருக்கின்றன. பொட்டாஷில் 60 பங்கு சாம்பல் சத்து.

பக்கத்து ஊரில் ஒரு பெரியவர், இரண்டு ஏக்கர் சம்பா. முதல் வருஷம் மகன் தாளைப் படித்துவிட்டு, “யூரியா 150, டி.ஏ.பி. 50, பொட்டாஷ் 50” என்று சொன்னான். சத்தின் பெயரை உரத்தின் பெயராக மாற்றிவிட்டான், ஹெக்டேருக்கு என்பதையும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஹெக்டேரில் யாரும் நினைப்பதில்லை. பெரியவர் ஏக்கருக்கு என்று எடுத்துக்கொண்டார். இரண்டு தவறு. ஆனால் பயிர் கருகருவென்று வந்தது, கொஞ்சம் இலைச்சுருட்டுப் புழு, அவ்வளவுதான். விளைச்சலும் பரவாயில்லை.

எப்படி? ஒரு கிலோ தழைச்சத்துக்கு யூரியா 2.17 கிலோ வேண்டும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். முதல் தவறு உர அளவைப் பாதிக்கு மேல் குறைக்கிறது, இரண்டாவது தவறு இரண்டரை மடங்கு ஏற்றுகிறது. ஒன்றை ஒன்று ஏறக்குறைய அடித்துவிடுகிறது. டி.ஏ.பி.யிலும் அதே கதை: ஏக்கருக்கு 20 கிலோ மணிச்சத்து வேண்டிய இடத்தில் 23 கிடைத்தது. தழைச்சத்து மட்டும் 60க்குப் பதில் 78. கார்த்திகை மழையில் சாய்வதற்கும் புகையான் பூச்சி வருவதற்கும் அந்த அளவு போதும், அந்த வருஷம் தப்பித்தார். இந்தத் தவறு இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கே இதுதான் காரணம். தப்பாகப் படித்தவனுக்குத் தான் சரியாகப் படித்தோம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது.

அடுத்த வருஷம் யாரோ மகனிடம், “தம்பி, அது ஹெக்டேர் கணக்கு” என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் எல்லாவற்றையும் இரண்டரையால் வகுத்து, ஏக்கருக்கு யூரியா 60, டி.ஏ.பி. 20, பொட்டாஷ் 20 என்று அனுப்பினான். ஒரு தவறு திருந்தியது, மற்றது அப்படியே இருந்தது. தழைச்சத்து 60 கிலோ போக வேண்டிய இடத்தில் 31தான் போயிற்று. மணிச்சத்து 20க்கு 9. தூர் கட்டும் பருவத்திலேயே வயல் வெளிறிவிட்டது. பெரியவர் என்னிடம் வந்து, “மண்ணு செத்துப்போச்சு தம்பி, மறுபடி டெஸ்டுக்கு அனுப்பணும்” என்றார். மண்ணுக்கு ஒன்றும் இல்லை. மகனின் குரல் பதிவைப் போட்டுக் கேட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. தழைச்சத்தை மேலுரமாக ஓரளவு ஈடுகட்டினோம். மணிச்சத்து அடியுரமாகப் போயிருக்க வேண்டியது, தூர் கட்டிய பிறகு போட்டுப் பெரிய பலன் இல்லை.

டி.ஏ.பி. கிடைக்காமல் சூப்பர் பாஸ்பேட் வாங்கியிருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். சூப்பரில் 16 பங்குதான் மணிச்சத்து; 50 கிலோ போட்டால் 8 கிலோ வரும்.

சரியான கணக்கு இப்படி. முதலில் ஏக்கருக்கு மாற்றுங்கள்: 60:20:20. எப்போதும் மணிச்சத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் டி.ஏ.பி. கூடவே தழைச்சத்தையும் கொண்டுவருகிறது. 20 கிலோ மணிச்சத்துக்கு டி.ஏ.பி. 43.5 கிலோ. அதிலேயே தழைச்சத்து ஏறக்குறைய 8 கிலோ வந்துவிடும். மீதி 52 கிலோவுக்கு யூரியா 113 கிலோ. சாம்பல் சத்து 20 கிலோவுக்குப் பொட்டாஷ் 33 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ, ஆக இரண்டரை மூட்டை. பழைய 50 கிலோ மூட்டை நினைவில் “ரெண்டேகால் மூட்டை” என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதனால் மூட்டையோடு கிலோவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாத் தாளும் சத்துக் கிலோவில் இருக்காது என்பதுதான் அடுத்த சிக்கல். அரசின் மண் வள அட்டையில் உரத்தின் பெயரைப் போட்டே அளவு கொடுத்திருப்பார்கள். அதை மறுபடி 2.17ஆல் பெருக்கிவிடாதீர்கள். 150:50:50 மாதிரி புள்ளி வைத்த வரிசையோ N, P2O5, K2O என்ற தலைப்போ இருந்தால் அது சத்து. யூரியா, டி.ஏ.பி., சூப்பர் என்று பெயர் இருந்தால் மூட்டை. அப்போதும் ஹெக்டேரா ஏக்கரா என்று பாருங்கள். ஹெக்டேருக்கான 326 கிலோ யூரியா ஒரு ஏக்கரில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்க்கை 1, சேர்க்கை 2

மண் வள அட்டையில் இரண்டு உரச் சேர்க்கைகள் இருக்கும். ஒன்றைத்தான் போட வேண்டும்.

ஜிப்சம் என்று இருந்தால் சுண்ணாம்பு என்று சொல்லாதீர்கள்

களர் மண்ணுக்கு ஜிப்சம், புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு. மாற்றிப் போட்டால் களர் இன்னும் மோசமாகும்.

விவசாயி கேட்பது பெயரை அல்ல

தாளில் இருக்கும் பன்னிரண்டு கட்டத்தையும் ஒன்றுவிடாமல் மொழிபெயர்த்து அனுப்புகிறார்கள். மின் கடத்தும் திறன் என்று சொன்னால் பெரியவர் பம்புசெட்டை நினைப்பார். ‘உப்பு நிலை, ஒன்றுக்குக் கீழே இருக்கிறது, பயமில்லை’ என்று முடித்துவிடலாம். கரிமச் சத்து 0.5க்குக் கீழே என்றால் தொழுவுரமோ பசுந்தாள் உரமோ வேண்டும் என்று சொல்லுங்கள்.

அளவை அவர் கணக்கிலேயே சொல்லுங்கள். டெல்டாவில் நிலத்தை மாவில் சொல்வார்கள். மூன்று மா ஒரு ஏக்கர். எப்போது போடுவது என்பதையும் பிரித்துச் சொல்லாவிட்டால் மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடும் ஆட்களும் உண்டு. நான் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பெரியப்பா, மூணு மாவுக்குச் சொல்றேன். அடியுரம்: டி.ஏ.பி. 44 கிலோ, யூரியா 16 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ. அப்புறம் தூர் கட்டும்போது, பூங்குருத்து உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது, ஒவ்வொரு தடவையும் யூரியா 32, 33 கிலோ, பொட்டாஷ் 8 கிலோ. துத்தநாகம் குறைவுன்னு இருக்கு. ஜிங்க் சல்பேட் 10 கிலோவை மணல்ல கலந்து நடவுக்கு முன்னாடி தூவுங்க. டி.ஏ.பி.யோட கலக்க வேண்டாம், ரெண்டும் கட்டிக்கிட்டுப் பயிருக்குக் கிடைக்காமப் போயிடும்.”

கடைக்குப் போய் வந்ததும் ரசீதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். டி.ஏ.பி. இல்லை என்று கடைக்காரர் 20:20, 17:17:17 மாதிரி காம்ப்ளக்ஸ் உரத்தைக் கொடுத்திருந்தால் யூரியா அளவும் பொட்டாஷ் அளவும் மாறும். நடவுக்கு முன்பே தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் மறு கணக்குப் போட்டுக் கொடுத்துவிடலாம்.