புகையிலை ஆலோசனை அசைன்மென்ட்: ‘ஏன் 4?’ என்ற கேள்வியை எப்படிக் கேட்பது?

புகைப்பவரோடு நடக்கும் ஆலோசனையை உரையாடலாக எழுதும் பல அசைன்மென்ட்களில் ஆலோசகரே பேசிக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். அது அறிவுரை. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் முதலில் விவரித்து, பிறகு ஸ்டீபன் ரால்னிக்குடன் சேர்ந்து வளர்த்த ‘மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்’ வேறு மாதிரி. விடுவதற்கான காரணத்தைப் புகைப்பவரே தன் வாயால் சொல்ல வேண்டும். அதை வரவழைக்க, புதிதாகக் கற்பவருக்கு 0 முதல் 10 வரையிலான அளவுகோல் நன்றாகக் கைகொடுக்கும்.

படி 1: அனுமதி, பிறகு எண்

“உங்க சிகரெட் பழக்கத்தைப் பத்திக் கொஞ்சம் பேசலாமா?” என்று கேளுங்கள். சரி என்றால்: “அதை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0ன்னா முக்கியமே இல்ல, 10ன்னா ரொம்ப முக்கியம்.” அவர் 4 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: கீழே இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்

சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். “ஏன் 8 இல்ல?” என்று கேட்டால், புகைப்பதற்கான காரணங்களை அவர் அடுக்குவார், சொல்லச் சொல்ல அவற்றையே நம்பவும் தொடங்குவார். மாறாக இப்படிக் கேளுங்கள்:

“2ன்னு சொல்லாம 4ன்னு சொன்னீங்களே, எதனால?”

“மாடி ஏறினா மூச்சு வாங்குது சிஸ்டர். பொண்ணு வேற, பக்கத்துல போனாலே மூக்கைப் பொத்திக்கிறா.”

படி 3: திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

இந்த இடத்தில் நுரையீரல் பாடம் எடுக்கக் கை பரபரக்கும். வேண்டாம். அவர் சொன்னதன் உட்பொருளை மட்டும் சொல்லுங்கள், கேள்வியாக இழுக்காமல்:

“பொண்ணு விலகிப் போறது உங்களை உறுத்துது.”

“ஆமா. அவ முன்னாடி பத்தவைக்கவே கூச்சமா இருக்கு. ஆனா டென்ஷன் ஆனா அதுதான் கை கொடுக்குது.”

அந்த ‘ஆனா’வோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். இரண்டு பக்கத்தையும் சேர்த்து, மாற்றத்தின் பக்கத்தைக் கடைசியில் வையுங்கள்: “டென்ஷனுக்கு அது உதவுது, அதே சமயம், பொண்ணு முன்னாடி கூச்சமா இருக்கு.” கடைசியில் வருவதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பெரும்பாலும் மேலே பேசுவார். வரிசை மாறினால் பேச்சு டென்ஷனுக்கே திரும்பிவிடும்.

படி 4: நம்பிக்கையைத் தனியாகக் கேளுங்கள்

“விட முடிவு பண்ணா, முடியும்னு எவ்வளவு நம்பிக்கை இருக்கு?” முக்கியத்துவம் 8, நம்பிக்கை 3 என்று வந்தால், இன்னும் காரணம் தேடிப் பயனில்லை. முன்பு விட முயன்றபோது எது உதவியது, எங்கே தடுக்கியது என்று கேளுங்கள். அப்புறம், அவர் சம்மதித்தால், நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச் பற்றிச் சொல்லலாம்.

எழுதி முடித்ததும், அவர் மாற்றத்தை நோக்கிப் பேசிய வரிகளை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். கோடுகளே இல்லையென்றால், உரையாடலில் நீங்கள்தான் அதிகம் பேசியிருப்பீர்கள்.

“நாளைக்கே விடணும்” என்று வருபவருக்கு இந்த அளவுகோல் தேவையில்லை. அவரோடு நேரே தேதி குறிக்கும் வேலைக்குப் போய்விடுங்கள்.