0.3 வைத்தும் ஆயாவின் முகம் மாறியது ஏன்?

கடலூர் சில்வர் பீச்சில் ஆயா நின்றுகொண்டிருக்கும் படத்தை வாட்டர்கலர் ஓவியம் போல மாற்ற நினைத்தேன். படம் உருவாக்கும் AI மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனில், கொடுத்த படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength` எண்ணை 0.3 வைத்தேன். சேலையும் கடலும் அழகாக வந்தன. ஆனால் அம்மா பார்த்துவிட்டு, "இது யாரு? நம்ம ஆயா இல்லையே" என்றார்.

அடுத்து நான் செய்ததுதான் பலரும் செய்யும் தவறு. எண்ணை 0.2, 0.15 என்று குறைத்துக்கொண்டே போனேன். ஓவியச் சாயல் போய்விட்டது, முகமோ திரும்பி வரவில்லை.

காரணம் முகத்தின் அளவு. மாடல் படத்தை அப்படியே கையாள்வதில்லை. 8 பிக்சலுக்கு 8 பிக்சலை ஒரு கட்டமாகச் சுருக்கி, அதில்தான் வேலை செய்கிறது. நான் கொடுத்தது 512×768 முழு உருவப் படம். அதில் ஆயாவின் முகம் 60 பிக்சல் அகலம்தான் இருக்கும். அதாவது ஏழெட்டுக் கட்டங்கள். கண், மூக்குத்தி, வாயோரச் சுருக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். போதாததற்கு, குறைந்த எண்ணில் மாடல் பெரிய வடிவங்களை விட்டுவிட்டு நுணுக்கங்களைத்தான் திருத்தி எழுதும். ஒருவரை அடையாளம் காட்டுவதே அந்த நுணுக்கங்கள்தானே.

குற்றம் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்கும் மென்பொருளான ComfyUI-யில், படத்தைக் கட்டங்களாகச் சுருக்கும் `VAE Encode`-ஐ, அதைத் திரும்பப் படமாக்கும் `VAE Decode`-உடன் நேராக இணைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்றுமே செய்யாமல் வெளிவரும் படத்திலேயே கண் கலங்கலாக இருந்தால், எண்ணை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

நான் ஃபோனில் எடுத்த மூலப் படத்துக்கே திரும்பிப் போய், தலையும் தோளும் மட்டும் வரும்படி 768×768-ஆக வெட்டினேன். இப்போது முகம் 350 பிக்சல், கிட்டத்தட்ட 44 கட்டங்கள். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் இது நடக்காது, ஏனென்றால் அதில் இல்லாத கண்ணை மாடல் தானே கற்பனை செய்துவிடும். பிராம்ப்டில் வயதான பெண், சுருக்கங்கள் என்றும் எழுதினேன். எழுதாவிட்டால் மாடல் தோலை வழவழப்பாக்கி, பத்து வயதைக் குறைத்துவிடும். அதே 0.3-இல் ஆயா ஆயாவாகவே வந்தார்.

மாடல் எத்தனை படிகளில் படத்தைத் திருத்துகிறது என்ற ஸ்டெப் எண்ணிக்கையையும் கவனியுங்கள். ComfyUI போன்ற இன்னொரு மென்பொருளான Automatic1111-இல் 20 ஸ்டெப், 0.3 என்றால் வழக்கமாக ஓடுவது ஆறேழு ஸ்டெப்தான். வண்ணம் அரைகுறையாக நிற்கும். பலர் உடனே எண்ணை 0.5-க்கு ஏற்றுவார்கள், அங்கே முகம் போய்விடும். ஸ்டெப்பை 40 ஆக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஓடும். ComfyUI-யில் இந்தச் சிக்கல் இல்லை, 20 கொடுத்தால் 20-உம் ஓடும்.

சாயல் போதவில்லை என்று, வந்த படத்தையே மறுபடி உள்ளே கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் முகம் கொஞ்சம் நகரும். மூன்றாவது சுற்றில் என் ஆயாவின் மூக்குத்தி ஒரு மச்சமாகிவிட்டது. எத்தனை முறை முயன்றாலும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள்.